திரையில் வந்த எண்ணை மண் ஒப்புக்கொள்ளுமா?

1913 அக்டோபரில் கனடாவின் வின்னிபெக் நகருக்கு அருகே, டிரான்ஸ்கோனா என்ற இடத்தில், புதிதாகக் கட்டிய தானியக் களஞ்சியத்தில் தானியம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அந்தக் கான்கிரீட் கட்டடம் இறங்கத் தொடங்கியது. ஒரே நாளில் ஏறக்குறைய 27 டிகிரி சாய்ந்து நின்றது. கான்கிரீட்டில் பெரிய சேதம் இல்லை. அடியில் இருந்த களிமண்தான் பாரம் தாங்காமல் வழுக்கிப் பக்கவாட்டில் பிதுங்கிவிட்டது. பிறகு அதை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தினார்கள்.

மெக்சிகோ நகரத்தில் 1934இல் திறக்கப்பட்ட நுண்கலை மாளிகையின் கதை வேறு. அது கவிழவில்லை. அடியில் உள்ள ஏரிக்களிமண் நசுங்க நசுங்க, வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சில மீட்டர் இறங்கியது.

மண்ணால் ஒரு கட்டடத்துக்கு வரும் கேடுகளில் முக்கியமானவை இந்த இரண்டு வகை. மண் உடைந்து வழுக்கலாம்; உடையாமலே நசுங்கி இறங்கலாம். முதலாவதற்கான கணக்கைத் தாங்குதிறன் என்கிறோம். இரண்டாவதை இறக்கம் என்று சொல்லலாம். சைட்டில் செட்டில்மென்ட் என்பார்கள். ஒவ்வொரு அடித்தளத்துக்கும் இரண்டையும் பார்த்தாக வேண்டும். ஒரு காலத்தில் கால்குலேட்டரும் அட்டவணையுமாகப் போட்ட இந்தக் கணக்கை இன்று எக்செல் தாளிலோ முப்பது வரிப் பைத்தான் நிரலிலோ போட்டுவிடுகிறார்கள். கல்லூரி மாணவர்களும் எழுதுகிறார்கள், வடிவமைப்பு அலுவலகங்களிலும் எழுதுகிறார்கள்.

எழுதுவது கடினமில்லை. எழுதியது சரியா என்று தெரிந்துகொள்வதில்தான் கவனம் வேண்டும். எக்செல் தவறான விடையையும் இரண்டு தசம இடத்துக்குச் சுத்தமாகக் காட்டும். அதனால் ஒரே ஒரு அடித்தளத்தை எடுத்துக்கொண்டு, கையாலும் நிரலாலும் கணக்கிட்டு, எந்த இடத்தில் எப்படிச் சரிபார்ப்பது என்று பார்ப்போம்.

நம் அடித்தளம்

ஒரு தூணின் கீழே 2 மீட்டருக்கு 2 மீட்டர் சதுர ஃபுட்டிங். தரையிலிருந்து 1.5 மீட்டர் ஆழத்தில் அமர்கிறது. தூண் கொண்டுவரும் பாரம் 600 கிலோநியூட்டன், அதாவது சுமார் 60 டன். பரப்பு 4 சதுர மீட்டர் என்பதால் மண்ணின் மேல் கூடுதலாக விழும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 150 கிலோநியூட்டன்.

மேலே 4 மீட்டர் வரை மணல். அதன் உராய்வுக் கோணம் 30 டிகிரி, ஒரு கன மீட்டரின் எடை 18 கிலோநியூட்டன். 4 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை 3 மீட்டர் கனத்தில் மென்களிமண். அதற்கும் கீழே கெட்டித் தரை. நிலத்தடி நீர் சரியாக ஃபுட்டிங்கின் அடிமட்டத்தில், 1.5 மீட்டரில் நிற்கிறது. தமிழகக் கடலோரத்தில் மணலுக்கு அடியில் இப்படிக் களிமண் தட்டுப்படுவது புதிதல்ல.

முதல் கணக்கு: மண் உடையுமா?

ஃபுட்டிங் மண்ணை அழுத்தும்போது அடியில் ஒரு ஆப்பு வடிவ மண் கீழே தள்ளப்படுகிறது. அது பக்கத்து மண்ணை ஒதுக்கி மேலே எழுப்பப் பார்க்கிறது. இந்த நகர்வை மூன்று விஷயங்கள் தடுக்கின்றன: மண்ணின் ஒட்டுத்திறன், ஃபுட்டிங்கின் இருபுறமும் மேலே கிடக்கும் மண்ணின் எடை, ஃபுட்டிங்குக்குக் கீழே உள்ள மண்ணின் சொந்த எடை. கார்ல் டெர்சாகி 1943இல் இந்த மூன்றையும் மூன்று உறுப்புகளாகக் கூட்டிச் சமன்பாடாக்கினார். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6403 அதே கட்டமைப்பைத்தான் பின்பற்றுகிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு காரணி உண்டு: `Nc`, `Nq`, `Nγ`. மூன்றும் உராய்வுக் கோணத்தை மட்டுமே சார்ந்தவை. நிரலில் இப்படி எழுதலாம்:

```python
import math

def factors(phi):
    f = math.radians(phi)
    Nq = math.exp(math.pi*math.tan(f)) * math.tan(math.pi/4 + f/2)**2
    Nc = 5.14 if phi == 0 else (Nq - 1)/math.tan(f)
    Ng = 2*(Nq + 1)*math.tan(f)
    return Nc, Nq, Ng
```

எக்செல்லில் கோணம் B3 அறையில் இருந்தால் இரண்டாவது காரணிக்கு இந்த ஒரு வரி போதும்:

```
=EXP(PI()*TAN(RADIANS(B3)))*TAN(RADIANS(45+B3/2))^2
```

முதல் கைக்கணக்கை இங்கேயே போட்டுவிட வேண்டும். கடைசி விடை வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. நம் கோணம் 30 டிகிரி என்பது கைக்கணக்குக்கு வசதியானது. 45உடன் அதில் பாதியைக் கூட்டினால் 60 டிகிரி. அதன் டேன்ஜென்டின் வர்க்கம் சரியாக 3. மறுபுறம், 30 டிகிரியின் டேன்ஜென்ட் 0.577, அதை 3.1416ஆல் பெருக்கினால் 1.814, அதன் அடுக்குக்குறி மதிப்பு 6.134. இரண்டையும் பெருக்கினால் `Nq` 18.40. அதிலிருந்து `Nγ` 22.40. தரநிலையின் அட்டவணையிலும் 30 டிகிரிக்கு இதே எண்கள்தான். நிரலும் இதையே தந்தால் முதல் படி தேறியது.

தேறாவிட்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். எக்செல்லும் பைத்தானும் கோணத்தை ரேடியனில்தான் வாங்கும். `TAN(30)` என்று அடித்தால் 0.577 வராது, -6.405 வரும். இரண்டு இடத்திலும் மாற்ற மறந்தால் `Nq` ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும். அது உடனே கண்ணில் படும். ஓரிடத்தில் மாற்றி இன்னோரிடத்தில் மறந்தால் 0.63 என்று வரும். அப்போது ஒரு விதி உதவும்: எந்த மண்ணுக்கும் `Nq` 1க்குக் கீழே போகாது. இதை எக்செல்லில் ஒரு நிபந்தனையாகவே எழுதி, மீறினால் அறை சிவப்பாகும்படி வைத்துவிடலாம்.

இன்னொரு சோதனை பூஜ்யக் கோணம். தூய களிமண்ணை வடிகால் இல்லாத நிலையில் கணக்கிடும்போது உராய்வுக் கோணம் பூஜ்யம். அப்போது `Nc` சமன்பாட்டில் பூஜ்யத்தால் வகுக்க நேரும். எக்செல் `#DIV/0!` என்று நிற்கும். அதனால்தான் மேலே 5.14 என்ற எண்ணைத் தனியாகக் கொடுத்தோம். லுட்விக் பிராண்ட்டிலின் கோட்பாடு அந்த நிலைக்குத் தரும் விடை 3.1416 கூட்டல் 2. நிரலில் 0.001 டிகிரி கொடுத்துப் பாருங்கள், 5.14தான் வர வேண்டும். வந்தால் சமன்பாடு அந்தக் கோடியிலும் சரியாக நடக்கிறது என்று நம்பலாம்.

புத்தகத்தோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. `Nγ`வுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே சமன்பாடு கிடையாது. இதே 30 டிகிரிக்கு வெசிச் தருவது 22.40, மேயர்ஹாஃப் தருவது 15.67, ஹான்சன் தருவது 15.07. உங்கள் நிரல் 22.40 சொல்லி, புத்தகம் 15.67 சொன்னால் நிரலைத் திருத்தக் கிளம்ப வேண்டாம். புத்தகம் யாருடைய முறையைப் பின்பற்றுகிறது என்று முதலில் பாருங்கள். ஐ.எஸ். 6403 எடுத்துக்கொள்வது வெசிச்சின் சமன்பாட்டை. ஒருவருடைய காரணியை இன்னொருவருடைய வடிவத் திருத்தத்தோடு கலப்பதுதான் உண்மையான பிழை.

மூன்று உறுப்பு, மூன்று வரி

காரணிகள் சரியென்றால் முழுக்கணக்குக்குப் போகலாம். சதுர ஃபுட்டிங்குக்கு ஐ.எஸ். 6403 தரும் வடிவத் திருத்தங்கள் 1.3, 1.2, 0.8. ஆழத் திருத்தம் தனி. நீர்மட்டம் ஃபுட்டிங்கின் அடியில் நிற்பதால் மூன்றாவது உறுப்பு பாதியாகும்.

```python
def qnet(c, phi, gam, B, Df, W):
    Nc, Nq, Ng = factors(phi)
    k = math.tan(math.pi/4 + math.radians(phi)/2)*Df/B
    dc = 1 + 0.2*k
    dq = 1 + 0.1*k if phi > 10 else 1
    t1 = c*Nc*1.3*dc
    t2 = gam*Df*(Nq - 1)*1.2*dq
    t3 = 0.5*gam*B*Ng*0.8*dq*W
    return t1 + t2 + t3
```

மூன்று உறுப்புகளையும் ஒரே நீண்ட வரியில் அடைக்காமல் `t1`, `t2`, `t3` என்று பிரித்ததைக் கவனியுங்கள். எக்செல்லிலும் ஒவ்வொன்றுக்கும் தனி அறை, பக்கத்திலேயே அதன் அலகு. காரணம் எளியது: மொத்தம் மட்டும் தெரிந்தால் பிழை எந்த உறுப்பில் என்று கண்டுபிடிக்க முடியாது.

இப்போது கையால். மணலுக்கு ஒட்டுத்திறன் இல்லை. முதல் உறுப்பு பூஜ்யம். ஆழத் திருத்தம்: 1.5ஐ 2ஆல் வகுத்தால் 0.75, அதை 60 டிகிரியின் டேன்ஜென்டான 1.732ஆலும் 0.1ஆலும் பெருக்கி 1ஐக் கூட்டினால் 1.13. இரண்டாவது உறுப்பு: 18ஐ 1.5ஆல் பெருக்கினால் 27, அதை 17.40, 1.2, 1.13 ஆகியவற்றால் பெருக்கினால் 637. மூன்றாவது: 0.5, 18, 2, 22.40, 0.8, 1.13, நீருக்காக 0.5, எல்லாவற்றையும் பெருக்கினால் 182. கூட்டுத்தொகை சதுர மீட்டருக்கு 819 கிலோநியூட்டன். நிரல் 819.3 என்கிறது. பாதுகாப்புக் காரணி 3 என்று வைத்தால் 273. நம் அழுத்தம் 150தான். மண் உடையாது என்று தோன்றுகிறது.

ஒரு விடை பொருந்திவிட்டது என்பதால் எழுந்துபோய்விடக் கூடாது. உள்ளீட்டை மாற்றி, விடை எப்படி மாற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்க்க வேண்டும். ஆழத்தைப் பூஜ்யமாக்கினால் இரண்டாவது உறுப்பு மறைந்து ஆழத் திருத்தம் 1 ஆக வேண்டும். அந்த நிலையில் அகலத்தை இரட்டித்தால் மூன்றாவது உறுப்பு சரியாக இரட்டிக்க வேண்டும். எக்செல்லில் இந்தச் சோதனை இன்னொரு பிழையையும் காட்டிக்கொடுக்கும். ஒரு சமன்பாட்டைக் கீழே இழுத்துப் பல ஃபுட்டிங்குகளுக்குப் பரப்பும்போது, மண்ணின் எடை இருக்கும் அறையை `$B$5` என்று பூட்ட மறந்தால் ஒவ்வொரு வரியும் ஒரு அறை தள்ளிப் படிக்கும். முதல் வரி சரியாகவே இருக்கும். பத்தாவது வரியில் எடைக்குப் பதில் ஆழம் உட்கார்ந்திருக்கும். அதனால் இழுத்துப் பரப்பிய தாளில் கைக்கணக்கை முதல் வரிக்குப் போடாதீர்கள். கடைசி வரிக்குப் போடுங்கள்.

நிரலுக்குத் தெரியாத ஒன்று

819 என்ற எண்ணில் ஒரு பெரிய அனுமானம் ஒளிந்திருக்கிறது. மண் கெட்டியாக இருந்து, வழுக்குப் பரப்பு தரை வரைக்கும் முழுமையாக உருவாகும் என்று சமன்பாடு எடுத்துக்கொள்கிறது. தளர்ந்த மணலில் அப்படி நடக்காது. அது முதலில் நசுங்கி, ஃபுட்டிங்கின் அருகிலேயே உடைந்துவிடும். அதற்காக ஐ.எஸ். 6403 உராய்வுக் கோணத்தின் டேன்ஜென்டை 0.67ஆல் குறைக்கச் சொல்கிறது. நம் 30 டிகிரி 21.15 டிகிரி ஆகிறது. கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் அதே `factors`, அதே `qnet`, 21.15 கொடுத்து ஓட்டினால் விடை 273.

அதாவது, கெட்டி மணல் என்று நினைத்து மூன்றால் வகுத்துப் பாதுகாப்பானது என்று முடிவுசெய்த அழுத்தமும், தளர்ந்த மணல் உடைந்துபோகும் அழுத்தமும் ஒன்றே. மண்ணின் நிலையைத் தவறாகக் கணித்தால் பாதுகாப்புக் காரணி முழுதும் அங்கேயே கரைந்துவிடுகிறது. மணலின் ஒப்பீட்டு அடர்த்தி 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதல் விடை. 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் இரண்டாவது. நடுவில் இருந்தால் இரண்டுக்கும் இடையே விகிதப்படி எடுக்கச் சொல்கிறது தரநிலை. நம் மணலின் அடர்த்தி 50 சதவீதம் என்றால் விடை சுமார் 600. மூன்றால் வகுத்தால் 200. நம் 150 இன்னமும் அதற்குள் அடங்குகிறது. ஆனால் நிரலில் அடர்த்திக்கு ஒரு உள்ளீடே வைக்காவிட்டால் அது எப்போதும் 273 என்றுதான் சொல்லும். இந்தப் பிழையைக் கைக்கணக்கும் காட்டாது, ஏனென்றால் கையும் அதே அனுமானத்தோடு கணக்கிட்டிருக்கும். துளையிடும்போது எடுத்த எஸ்.பி.டி. எண்களைப் பார்த்து மணல் தளர்ந்ததா கெட்டியா என்று மனிதர் முடிவு செய்ய வேண்டிய இடம் இது.

இரண்டாவது கணக்கு: எவ்வளவு இறங்கும்?

தாங்குதிறனில் தேறிய நம் ஃபுட்டிங்குக்கு இனிதான் உண்மையான சோதனை. கீழே 3 மீட்டர் களிமண் இருக்கிறதே! நீர் நிறைந்த களிமண் ஈரப் பஞ்சைப் போல. அழுத்தினால் நீர் மெல்ல வெளியேறி, மண் கனம் குறையும். இதற்கு ஆய்வுக்கூடச் சோதனையில் இரண்டு எண்கள் கிடைக்கும். நம் களிமண்ணுக்கு அமுக்கக் குறியீடு `Cc` 0.30, வெற்றிட விகிதம் `e0` 1.0 என்று வைத்துக்கொள்வோம். இதற்கு முன் இப்போதைய அழுத்தத்துக்கு மேல் பாரம் கண்டிராத களிமண் இது.

முதலில் கையால், களிமண் அடுக்கின் நடுவில் ஒரே ஒரு புள்ளியை எடுத்து. அந்தப் புள்ளி தரையிலிருந்து 5.5 மீட்டர், ஃபுட்டிங்கிலிருந்து 4 மீட்டர் கீழே. அங்கே மண்ணின் சொந்த எடையால் ஏற்கெனவே உள்ள அழுத்தம்: நீர்மட்டத்துக்கு மேல் 1.5 மீட்டருக்கு 27. நீருக்குள் மூழ்கிய மணலின் எடை 10 என்று வைத்து 2.5 மீட்டருக்கு 25. மூழ்கிய களிமண்ணின் எடை 8 என்று வைத்து 1.5 மீட்டருக்கு 12. மொத்தம் 64.

தூணின் பாரம் அங்கே எவ்வளவு போய்ச் சேரும்? கீழே போகப் போகப் பாரம் விரியும். 2 மீட்டர் இறங்கினால் ஒரு பக்கம் 1 மீட்டர் விரியும் என்பது வழக்கமான எளிய விதி. 4 மீட்டர் ஆழத்தில் 2 மீட்டர் ஃபுட்டிங் 6 மீட்டர் சதுரமாகிறது. 600ஐ 36ஆல் வகுத்தால் 16.7. இந்த விதி சரியா என்று பூசினெஸ்க்கின் சமன்பாட்டால் சரிபார்த்தால் ஃபுட்டிங்கின் நடுவுக்கு நேர் கீழே 16.2 வருகிறது. இரண்டும் அருகருகே நிற்பதால் எளிய விதியை இங்கே நம்பலாம்.

இனி இறக்கம். களிமண்ணின் கனம் 3 மீட்டரை 0.30ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் 0.45. அதைப் புதிய அழுத்தத்துக்கும் பழைய அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையால் பெருக்க வேண்டும். 80.7ஐ 64ஆல் வகுத்தால் 1.26, 10ஐ அடியாகக் கொண்ட மடக்கை 0.1005. விடை 0.045 மீட்டர், அதாவது 45 மில்லிமீட்டர்.

```python
def settle(P, B, n, top=2.5, H=3.0, Cc=0.30, e0=1.0):
    h = H/n
    s = 0
    for i in range(n):
        z = top + (i + 0.5)*h
        s0 = 52 + 8*(z - top)
        ds = P/(B + z)**2
        s += Cc*h/(1 + e0)*math.log10((s0 + ds)/s0)
    return s*1000
```

இங்கே `n` என்பது களிமண்ணை எத்தனை சிறு அடுக்குகளாகப் பிரிக்கிறோம் என்பது. 52 என்பது களிமண்ணின் மேல்மட்டத்தில் உள்ள அழுத்தம், 27உம் 25உம் சேர்ந்தது. `settle(600, 2, 1)` என்று கொடுத்தால் 45.2 வருகிறது. கையோடு பொருந்துகிறது.

இந்த வரிகளில் ஆபத்தான இடம் `math.log10`. பைத்தானில் `math.log` என்றால் இயல் மடக்கை. அதை எழுதிவிட்டால் விடை 45க்குப் பதில் 104 மில்லிமீட்டர். எக்செல் தாளில் `LOG` என்றால் 10ஐ அடியாகக் கொண்டது. அதே எக்செல்லின் மேக்ரோ மொழியில் `Log` என்றால் இயல் மடக்கை. தாளிலிருந்து மேக்ரோவுக்குச் சமன்பாட்டை நகர்த்தும்போது இது நுழைந்துவிடும். 104 என்பது நடக்கக்கூடிய எண்தான், அதனால் பார்த்ததும் சந்தேகம் வராது. கைக்கணக்கோடு வகுத்துப் பார்த்தால் மட்டும் தெரியும்: 104ஐ 45.2ஆல் வகுத்தால் 2.3.

இந்த வகுத்துப் பார்க்கும் பழக்கம் விலைமதிப்பற்றது. இரண்டு விடைகளும் பொருந்தாதபோது கழித்துப் பார்க்காமல் வகுத்துப் பாருங்கள். விகிதம் 2.303 என்றால் மடக்கை மாறியிருக்கிறது. 9.81 என்றால் டன்னும் கிலோநியூட்டனும் கலந்திருக்கின்றன. 1000 என்றால் மீட்டரும் மில்லிமீட்டரும். சரியாக 2 என்றால் ஃபுட்டிங்கின் முழு அகலத்துக்கும் அரை அகலத்துக்கும் இடையே குழப்பம் இருக்கலாம்.

நிரல் கையைத் திருத்தும் இடம்

இதுவரை கை நிரலைச் சரிபார்த்தது. இப்போது நிரல் கையைச் சரிபார்க்கட்டும். 3 மீட்டர் களிமண்ணையும் ஒரே புள்ளியால் மதிப்பிட்டோம். ஆனால் அடுக்கின் மேற்பகுதியில் தூணின் பாரம் அதிகமாகவும் பழைய அழுத்தம் குறைவாகவும் இருப்பதால் அங்கே நசுங்கல் மிக அதிகம். நடுப்புள்ளி அதைக் குறைத்துச் சொல்கிறது. மூன்று அடுக்காகப் பிரித்தால் 48.5. முப்பது அடுக்காகப் பிரித்தால் 49.0. அதற்கு மேல் எத்தனை பிரித்தாலும் முதல் தசம இடம் அசையாது.

மூன்று அடுக்கைக் கையாலும் போட்டுப் பார்க்கலாம். புதிய அழுத்தத்துக்கும் பழையதற்கும் உள்ள விகிதங்கள் மேலிருந்து 80/56, 80.7/64, 84.2/72. அவற்றின் மடக்கைகள் 0.155, 0.1005, 0.068. கூட்டினால் 0.3235, அதை 0.15ஆல் பெருக்கினால் 48.5. இந்தச் சிறு கணக்கு, சுழற்சிக்குள் ஆழம் சரியாக நகர்கிறதா என்பதையும் உறுதிசெய்கிறது. `n` 1ஆக இருக்கும்போது பொருந்தி, 3ஆக இருக்கும்போது பொருந்தாவிட்டால் பிழை `(i + 0.5)*h` என்ற இடத்தில்தான் இருக்கும்.

பக்கத்துத் தூண்

49 மில்லிமீட்டர் கட்டடத்தைக் கவிழ்த்துவிடாது. சுவரைப் பிளப்பது பக்கத்துத் தூணோடு வரும் வித்தியாசம். 4 மீட்டர் தள்ளி 294 கிலோநியூட்டன் பாரத்தோடு இன்னொரு தூண் இருக்கிறது என்று கொள்வோம். அதற்கு 1.4 மீட்டர் சதுர ஃபுட்டிங். பரப்பு 1.96 சதுர மீட்டர். அழுத்தம் அதே 150. இரண்டு ஃபுட்டிங்குக்கும் ஒரே அழுத்தம் கொடுத்துவிட்டோம், சமமாகத்தான் இறங்கும் என்று நினைக்கத் தோன்றும். `settle(294, 1.4, 3)` என்று ஓட்டினால் 31.4 மில்லிமீட்டர். பெரிய ஃபுட்டிங்கின் பாரம் ஆழமாக இறங்கிக் களிமண்ணை எட்டுகிறது. சிறியதன் பாரம் அதற்குள் விரிந்து அடங்கிவிடுகிறது.

வித்தியாசம் 17 மில்லிமீட்டர். விரிசல் கூடாத கட்டடங்களுக்கு பியெரும் 1963இல் பரிந்துரைத்த எல்லை, தூண் இடைவெளியில் 500இல் ஒரு பங்கு. 4 மீட்டருக்கு அது 8 மில்லிமீட்டர். தாங்குதிறனில் நிம்மதியாகத் தேறிய இரண்டு ஃபுட்டிங்குகளும் சேர்ந்து அந்த எல்லையை இருமடங்கு தாண்டுகின்றன. இந்தக் கட்டடத்தில் முடிவைத் தீர்மானிப்பது தாங்குதிறன் அல்ல, இறக்கம்தான்.

இங்கேயும் நிரலின் எல்லையைச் சொல்லியாக வேண்டும். நம் `settle` ஒவ்வொரு தூணையும் தனியாகப் பார்க்கிறது. உண்மையில் 4 மீட்டர் ஆழத்தில் இரண்டின் பாரமும் ஒன்றன்மேல் ஒன்று படியும். மொத்த இறக்கம் கூடும், வித்தியாசம் ஓரளவு குறையும். மணல் அடுக்கு உடனடியாக நசுங்கும் அளவு இதில் இல்லை. களிமண் முன்பே அதிக பாரம் கண்டதாக இருந்தால் `Cc` பொருந்தாது, விடை மிகைப்படும். இறக்கம் முடிய எத்தனை ஆண்டு ஆகும் என்பதும் இதற்குத் தெரியாது. இந்த நான்கையும் தாளின் தலைப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். அடுத்து அதைத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.

சோதனை நிரலோடே இருக்கட்டும்

கைக்கணக்கு எழுதிய காகிதம் தொலைந்துபோகும். அந்த எண்களை நிரலுக்குள்ளேயே வைத்துவிடலாம்:

```python
assert abs(factors(30)[1] - 18.40) < 0.01
assert abs(qnet(0, 30, 18, 2, 1.5, 0.5) - 819.3) < 0.5
assert abs(settle(600, 2, 1) - 45.2) < 0.1
assert abs(settle(600, 2, 3) - 48.5) < 0.1
```

யாராவது பிறகு ஒரு வரியை மாற்றி, அதனால் பழைய விடை கெட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். எக்செல்லில் இதற்கு ஈடாக 'சோதனை' என்று தனித் தாள் ஒன்று வைத்து, கைக்கணக்கு விடை, தாளின் விடை, இரண்டின் விகிதம் என்று மூன்று பத்திகள் எழுதலாம். விகிதம் 0.99க்கும் 1.01க்கும் வெளியே போனால் சிவப்பு.

வடிவமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடித்தளக் கணக்கின் அச்சுப்படியோடு அந்தச் சோதனைத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள், எந்தத் தரநிலையின் காரணிகள் என்றும் எழுதுங்கள். வீடு கட்டுபவர்களுக்கு ஒன்று: மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வரும்போது பாதுகாப்பான தாங்குதிறன் என்ற ஒற்றை எண்ணோடு நின்றுவிடாதீர்கள். இந்த அழுத்தத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்கும், பெரிய தூணுக்கும் சிறிய தூணுக்கும் வித்தியாசம் எவ்வளவு, யார் கையால் சரிபார்த்தது என்று கேளுங்கள். அந்த மூன்று கேள்விக்கும் பதில் உள்ள அறிக்கையை நம்பிக் கடைக்கால் தோண்டலாம்.